செய்த வேலைக்குச் சாட்சி எங்கே?

(யாழ்ப்பாணக் குடாநாட்டில் தொழில் செய்யும் தோட்டத்துப் பிள்ளைகளும், அவர்களைப் பார்க்க மலையிலிருந்து வந்திருந்த பெற்றோரும் கூடிய ஒன்றுகூடலில் நாம் பேசியதன் எழுத்து வடிவம்.)



அவுஸ்திரேலியாவுக்குத் தொழில் விசாவில் போகலாமா என்று எம்மிடம் வந்து கேட்கிற பிள்ளைகள் கூடிக்கொண்டே வருகிறார்கள். எல்லாரும் முதலில் கேட்பது, “எவ்வளவு காசு வேணும்?” என்பதுதான். நாம் திருப்பிக் கேட்பது வேறு. “நீ என்ன வேலை செய்தாய் தம்பி? அதை யார் எழுதித் தருவார்?” இதைக் கேட்டதும் பிள்ளை பேசாமல் நின்றுவிடுகிறது. அதனால் இன்றைக்கு விசாவைப் பற்றிப் பேசப் போவதில்லை. அதற்கு முன்னால் உள்ள ஒரு படியைப் பற்றித்தான் பேசப் போகிறோம். அதன் பெயர் திறன் மதிப்பீடு.

பிட்டர், வெல்டர், தச்சன், மோட்டார் மெக்கானிக் போன்ற கைத்தொழில்களுக்கு இந்த மதிப்பீட்டை நடத்துவது அவுஸ்திரேலிய அரசின் ட்ரேட்ஸ் ரெகக்னிஷன் அவுஸ்திரேலியா என்ற பிரிவு. சுருக்கமாக ரி.ஆர்.ஏ. என்பார்கள். எந்த நாட்டுக் கடவுச்சீட்டு, எந்தத் தொழில், எந்த விசா என்பதைப் பொறுத்துப் பாதை மாறும். சில பாதைகளில் காகிதங்களைப் பார்த்தே முடிவு சொல்வார்கள். சிலவற்றில் காகிதம் சரியென்று கண்ட பிறகு, தொழில் தெரிந்த ஒருவர் கேள்வி கேட்பார், அல்லது கையால் செய்து காட்டச் சொல்வார். எந்தப் பாதையானாலும் முதல் வாசல் காகிதம்தான். கை எவ்வளவு கெட்டியானாலும் காகிதம் இல்லாதவன் அந்த வாசலைத் தாண்ட மாட்டான்.

எம்மிடம் வந்த ஒரு தம்பியின் கதையைச் சொல்கிறோம். ஊர், பெயர் வேண்டாம். ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பிள்ளை. 2010 மார்ச்சில் தேயிலைப் பெக்டரியில் பிட்டருக்குக் கையாளாகச் சேர்ந்து, பிறகு தானே பிட்டராக நின்றார். 2015 செப்டெம்பரில் யாழ்ப்பாணம் வந்து ஒரு சின்ன வேர்க்‌ஷொப்பில் மூன்று வருடத்துக்கு மேல் வேலை செய்தார். தண்ணீர்ப் பம்பு, லேண்ட்மாஸ்டர், அரிசி மில் என்று எது வந்தாலும் கழற்றிப் பூட்டும் வேர்க்‌ஷொப் அது. 2019 ஜனவரியில் இருந்து மீன்வாடிகளுக்கு ஐஸ் போடும் ஒரு பெக்டரியில் இயந்திரப் பராமரிப்பு. “நான் மெக்கானிக், எல்லாம் செய்வேன்” என்றார். இந்த ‘எல்லாம்’ என்ற சொல்தான் முதல் சிக்கல்.

அவுஸ்திரேலியர்கள் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு பெயரும் இலக்கமும் வைத்திருக்கிறார்கள். அன்ஸ்கோ என்பது அந்தப் பட்டியல். பிட்டருக்கு 323211. பிட்டர்-வெல்டருக்கு 323213. மோட்டார் மெக்கானிக்குக்கு 321211. குளிரூட்டி மெக்கானிக்குக்கு 342111. ஒவ்வொன்றின் கீழும் அந்த ஆள் என்ன வேலை செய்வார் என்று எழுதியிருக்கும். விண்ணப்பிப்பவர் ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதற்கே சாட்சி காட்ட வேண்டும். நான்கையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தேன் என்றால் நான்கிலும் குறைதான் விழும். பிழையான இலக்கத்தில் போட்டுத் தோற்றால் கட்டிய கட்டணமும் போய்விடும்.

தம்பியிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, போன மாதம் வேலைக்குப் போன 26 நாளும் என்ன செய்தாய் என்று நாள் நாளாக எழுதச் சொன்னோம். முதலில் சிரித்தார். எழுதி முடித்தபோது கணக்கு இப்படி வந்தது: 17 நாள் கம்ப்ரஸர், பம்பு, சங்கிலி, கியர்பெட்டி கழற்றி பெயரிங் மாற்றி, ஷாஃப்டை நேர் பிடித்து, இடைவெளி அளந்து பூட்டியது. 4 நாள் வெல்டிங். 3 நாள் குளிர்வாயு வேலைக்கு வந்த ஆளுக்கு உதவி. 2 நாள் இயந்திரத்தை ஓட்டியது மட்டும்.

ஐஸ் பெக்டரி என்றதும் பலர் குளிரூட்டி மெக்கானிக் என்று போடச் சொல்லியிருந்தார்கள். ஆனால் வாயு அடைப்பது, கசிவு பார்ப்பது, குளிர்ச் சுற்றைச் சரிசெய்வது எல்லாம் இன்னொருவர். தம்பி பார்த்தது இரும்பு வேலை. பிட்டர் குழுவின் விளக்கத்தில் வரைபடம் பார்ப்பது, பாகங்களை வெட்டிப் பொருத்துவது, அளவு சரியா என்று சோதிப்பது, பழுதைக் கண்டுபிடித்து இயந்திரத்தைத் திருத்துவது என்றெல்லாம் இருக்கிறது. தேயிலைப் பெக்டரியில் றோலர் மேசைப் பித்தளைப் பட்டிகளை மாற்றியதும், ட்ரையர் சங்கிலியைச் சரிக்கட்டியதும், விதரிங் விசிறியின் பெயரிங் போட்டதும் அதே வகை வேலைதான். ஆக, 323211.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பெக்டரியில் ஒருவரை எல்லாரும் ‘பிட்டர்’ என்று கூப்பிடுவார்கள். ஆனால் அவர் செய்வது றோலரில் கொழுந்தைக் கொட்டி சுவிச் போடுவது மட்டும் என்றால் அவர் இயந்திரம் ஓட்டுபவர், பிட்டர் இல்லை. மறுபக்கம், செக்றோலில் ‘லேபர்’ என்று பெயர் விழுந்த ஒருவர் பத்து வருடம் உண்மையான பிட்டராகவே இருந்திருப்பார். அவர்கள் பெயரைப் பார்ப்பதில்லை, வேலையைத்தான் பார்ப்பார்கள். ஆனால் அந்த வேலை என்னவென்று யாராவது எழுதித் தந்திருக்க வேண்டுமே!

தம்பி தோட்டத்தில் வாங்கி வந்த கடிதத்தைப் பார்த்தோம். “இவர் எமது தோட்டத்தில் 2010 முதல் 2015 வரை வேலை செய்தார். நல்ல நடத்தை உள்ளவர். எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்.” துரை நல்ல மனதோடு எழுதிய கடிதம்தான். ஆனால் மதிப்பீட்டுக்கு இதில் ஒன்றுமே இல்லை. இதில் வர வேண்டியவை இவை: சேர்ந்த தேதி, விலகிய தேதி, வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், முழுநேரமா, என்ன பதவி, எந்தெந்த இயந்திரம், அதில் என்ன வேலை, என்ன கருவிகள், யாருடைய மேற்பார்வை. நிறுவனத் தலைத்தாளில், கையொப்பமிட்டவரின் பெயர், பதவி, தொலைபேசியோடு இருக்க வேண்டும். செக்றோலில் லேபர் என்று இருந்தால் அதை மறைக்கக் கூடாது. “சம்பளப் பதிவில் தொழிலாளர் என்றிருந்தாலும், 2012 முதல் பெக்டரி பிட்டராகக் கடமை செய்தார்” என்று கடிதத்திலேயே ஒரு வரி விளக்கம் போடச் சொல்ல வேண்டும். அது உண்மையாக இருந்தால்தான், சொல்லத் தேவையில்லை.

பெரிய கிளாக்கரிடம் “ஒரு சேர்விஸ் லெட்டர் தாங்க ஐயா” என்று மட்டும் கேட்டால் பழைய கடிதம்தான் திரும்பவும் வரும். நாம் தம்பியின் கொப்பியிலிருந்து வேலைகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். பெக்டரி ஒஃபிசர் அதைப் பார்த்து இரண்டை வெட்டினார், ஒன்றைச் சேர்த்தார். அப்படித்தான் வேண்டும். அன்ஸ்கோ விளக்கத்தை வரிக்கு வரி பார்த்து எழுதிய கடிதம் உடனே சந்தேகத்தைக் கிளப்பும். றோலர், ட்ரையர், பெயரிங் என்று அந்த இடத்துக்கே உரிய பெயர்கள் வந்தால்தான் அது அந்தப் பெக்டரிக் கடிதம்.

கடிதம் ஒரு பாதி. சம்பளம் வாங்கியதற்குச் சாட்சி மறுபாதி. சம்பளத் துண்டு, வங்கிக் கணக்கு, ஈ.பீ.எவ். கணக்கறிக்கை ஆகியவைதான் நம்மவர் கையில் இருப்பவை. ஈ.பீ.எவ். என்றால் தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம், மொத்தம் 20 வீதம் என்பது உங்களுக்குத் தெரிந்த கணக்கு. இந்தக் கணக்குத்தான் தம்பியை மாட்டிவிட்டது. ஐஸ் பெக்டரிக் கடிதத்தில் சம்பளம் 60,000 ரூபாய். அப்படியானால் ஈ.பீ.எவ்.வுக்கு மாதம் 12,000 போக வேண்டும். அறிக்கையில் 6,000 தான் போயிருந்தது. அதாவது 30,000க்கு மட்டும் கட்டி, மிச்சத்தைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். இப்படி நடக்கிற இடம் ஒன்றிரண்டு இல்லை. மதிப்பிடுபவர் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தாலே போதும், கணக்குப் பிடிபட்டுவிடும். பிறகு உண்மையான கடிதமும் பொய் போலத் தெரியும். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, மேலதிகக் கொடுப்பனவு எவ்வளவு என்று உள்ளதை உள்ளபடி பிரித்து எழுதச் சொல்லி அந்தக் கடிதத்தைத் திருத்தினோம். கட்டாமல் விட்ட பணம் தொழில் திணைக்களத்தில் கேட்க வேண்டிய வேறு விஷயம். அதைப் பற்றித் தம்பியோடு தனியாகப் பேசினோம்.

பெயர் விஷயமும் உண்டு. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொன்று, ஈ.பீ.எவ்.வில் அப்பா பெயர் முன்னால், கடவுச்சீட்டில் பின்னால். நம் மலைநாட்டுக் குடும்பங்களில் இது வீட்டுக்கு வீடு. தம்பியின் ஆவணங்களில் மூன்று விதமாக இருந்தது. ஈ.பீ.எவ். பெயரைத் திருத்த விண்ணப்பித்தோம். திருத்த முடியாததற்கு, எல்லாப் பெயரும் ஒரே ஆள் என்று சத்தியக் கடதாசி. தமிழிலோ சிங்களத்திலோ உள்ள தாள்களுக்கு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் வாங்க வேண்டும்.

இனி நடுவில் உள்ள வேர்க்‌ஷொப். அந்த முதலாளி ஐயா காங்கேசன்துறை சிமெந்துத் தொழிற்சாலையில் வேலை பழகியவர். 1990இல் அது நின்ற பிறகு சொந்தமாகக் கடை போட்டவர். அருமையான கைக்காரர். தம்பிக்கு அளவு பிடிக்கக் கற்றுக் கொடுத்ததே அவர்தான். ஆனால் சம்பளம் கையில், ஈ.பீ.எவ். இல்லை, வங்கியில் ஒரு சதமும் இல்லை. “பழைய தேதி போட்டு சம்பளத் துண்டு அடிச்சுத் தாறம், காசு மட்டும் தாரும்” என்று ஒரு இடைத்தரகர் தம்பியிடம் சொல்லியிருக்கிறார். நாம் கண்டிப்பாக வேண்டாம் என்றோம். பொய்த் தாள் பிடிபட்டால் விசா மறுப்போடு போகாது, பொதுவாக மூன்று வருடத்துக்குப் பல விசாக்களின் கதவு மூடிவிடும். ஐயா தன் கடிதத்தைத் தரலாம். ஆனால் பணச்சாட்சி இல்லாத அந்தக் காலத்தைக் கணக்கில் ஏற்காமல் விடக்கூடும். அந்த மூன்று வருடம் இல்லாமலே நிறைகிறதா என்று பார்த்தோம். 2019இல் இருந்து ஐஸ் பெக்டரி தொடர்ச்சியாக இருக்கிறது, தோட்டக் காலமும் சேர்கிறது. கடைசி மூன்று வருடத்துக்குள் குறைந்தது 12 மாதம் அதே தொழிலில் இருந்திருக்க வேண்டும் என்ற விதியும் இவருக்குப் பிரச்சினை இல்லை. வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்து விசாவுக்குக் காத்திருக்கிறவர்களுக்குத்தான் அது பிரச்சினை.

இன்னொரு சின்ன விஷயம். அவர்கள் முதலாளிக்கு போன் எடுத்துக் கேட்கலாம். “ஓம் ஓம், அவன் எல்லா வேலையும் செய்வான்” என்று முதலாளி பாராட்டினால் அது உதவியில்லை. என்ன கடிதத்தில் கையொப்பம் வைத்தார் என்பது அவருக்கு நினைவிருக்க வேண்டும். பிரதி ஒன்றை அவரிடமே வைத்துவிட்டு வாருங்கள்.

இங்கே பதிவுச் சான்றிதழ் இல்லாமல் தொழில் கற்றவர்கள் என்.வி.கியூ. எடுக்கலாம். செய்த வேலையைக் காட்டி, நைட்டா அல்லது தொழிற்பயிற்சி அதிகார சபை மூலம் முன்னனுபவ மதிப்பீட்டில் எடுக்கும் வழி உண்டு. அந்தச் சான்றிதழ் திறமையைக் காட்டும், எத்தனை வருடம் சம்பளத்துக்கு வேலை செய்தீர்கள் என்பதைக் காட்டாது. அதனால் அது கிடைத்ததும் மற்றத் தாள்களைத் தேடுவதை நிறுத்திவிடாதீர்கள்.

தொழில் பட்டியல்களும் மாறும். முதலாளி மூலம் போகும் விசாவுக்கு 2024 டிசம்பரில் புதுப் பட்டியல் வந்தது. உங்கள் தொழில் பட்டியலில் இருக்கிறதா என்பதை விண்ணப்பிக்கும் அன்று, அவுஸ்திரேலிய அரசின் பக்கத்தில் பாருங்கள். மதிப்பீடு கிடைத்தாலும் அது விசா ஆகாது. ஆங்கிலப் பரீட்சை, வயது, புள்ளி எல்லாம் வேறாக இருக்கின்றன.

தம்பியின் கோப்பில் இப்போது தோட்டத்துக் கடிதம், திருத்திய ஐஸ் பெக்டரிக் கடிதம், ஈ.பீ.எவ். அறிக்கை, வங்கித் தாள், வேலை செய்யும்போது எடுத்த படங்கள் எல்லாம் இருக்கின்றன. பெயர் திருத்தம்தான் வரவில்லை. தாய் தகப்பன்மாருக்கு ஒரு வேண்டுகோள்: ஊருக்குத் திரும்பியதும் தகரப் பெட்டியைத் திறந்து, பிள்ளைகளின் பழைய சம்பளத் துண்டுகளை எடுத்துக் காற்றாட வையுங்கள். மலை ஈரத்தில் அந்த மை சீக்கிரம் போய்விடும்.