காப்புறுதிப் பத்திரத்தின் ஒரு பிரிவும் அதன் ஐந்து வாக்கியங்களும்

(தோட்டத் தலைவர்கள், மாதர் சங்க உறுப்பினர்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரை)



எங்கள் லயங்களில் இப்போது முதன்முதலாக ஆயுள் காப்புறுதி எடுப்பவர்கள் பலர். பொலிசிப் புத்தகம் தகரப் பெட்டியில் அடையாள அட்டையோடு பத்திரமாக இருக்கிறது. அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், "முகவர் தம்பி சொன்னாரே" என்பதுதான் பதில். முகவர் சொன்னது பொலிசியில் இல்லை என்றால், பிறகு பேசப் போவது பொலிசிதான். ஆகவே இன்று ஒரே ஒரு பிரிவை எடுத்து, வரிவரியாகப் பிரித்துப் பார்ப்போம். கட்டுப்பணம் தவறினால் என்ன நடக்கும் என்று சொல்லும் பிரிவு அது.

இந்தப் பிரிவு பொதுவாக இப்படி எழுதப்படும்:

"தவணைக் கட்டுப்பணமானது உரிய திகதியிலிருந்து முப்பது நாட்களைக் கொண்ட சலுகைக் காலத்தினுள் செலுத்தப்படாதவிடத்து ஒப்பந்தம் காலாவதியாகும் என்பதுடன், அவ்வாறு காலாவதியான ஒப்பந்தம், காப்புறுதிக்குத் தகுதியுடைமை பற்றிக் கம்பனிக்குத் திருப்தியளிக்கும் சான்றுகளும் நிலுவையும் வட்டியும் சமர்ப்பிக்கப்பட்டதன் பேரில் கம்பனியின் தற்றுணிபின்படி மீளமைக்கப்படலாம் என்பதுடன், காத்திருப்புக் காலம் மீளமைக்கப்பட்ட திகதியிலிருந்து புதிதாக ஆரம்பமாகும்."

ஒரே மூச்சில் வாசிக்க முடியாத வாக்கியம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நீண்ட வாக்கியத்தைச் சொல்லிக் கொடுப்பது போலவே இதையும் செய்யலாம். ஒவ்வொரு துண்டிலும் மூன்று கேள்வி கேட்போம். யார் செய்ய வேண்டும்? எந்த நாளுக்குள்? செய்யாவிட்டால் என்ன? அப்படிக் கேட்டால் ஐந்து சின்ன வாக்கியங்கள் கிடைக்கும்.

ஒன்று: கட்டுப்பணத்துக்குரிய நாள் தவறினாலும், அந்த நாளிலிருந்து 30 நாள் வரை கட்டலாம்.
இரண்டு: 30 நாளும் போய்விட்டால் பொலிசி நின்றுவிடும்.
மூன்று: நின்ற பொலிசியைத் திரும்ப உயிர்ப்பிக்க, பாக்கிக் காசையும் வட்டியையும் கட்டி, உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டும்.
நான்கு: கொடுத்தாலும், ஏற்பதா இல்லையா என்பது கம்பனியின் முடிவு.
ஐந்து: ஏற்றுக்கொண்டால், காத்திருக்க வேண்டிய நாட்கள் மறுபடி முதல் நாளிலிருந்து எண்ணப்படும்.

இந்த ஐந்தையும் ஓர் அக்காவின் கணக்கில் வைத்துப் பார்ப்போம். இது விளங்குவதற்காக நாங்கள் போட்ட கணக்கு. அவர் கொழுந்து பறிப்பவர். மாதம் 2,000 ரூபா கட்டுகிறார். ஒவ்வொரு மாதமும் 5ஆம் திகதி கட்ட வேண்டும். பொலிசி எடுத்து ஒன்றரை வருடம் ஆகிறது. மார்ச் மாதம் பேர் குறைந்து சம்பளமும் குறைந்தது. மார்ச் 5ஆம் திகதி அவரால் கட்ட முடியவில்லை.

மார்ச் 5இலிருந்து 30 நாள் என்றால் ஏப்ரல் 4 வரை. இந்த நாட்களில் பாதுகாப்பு அப்படியே இருக்கிறது. மார்ச் 28ஆம் திகதி அவருக்கு உயிராபத்து வந்துவிட்டால், குடும்பத்துக்குப் பணம் கிடைக்க வேண்டும். கட்டாத 2,000 ரூபாவை அதில் கழித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். "கட்டுப்பணம் பாக்கி, ஒன்றும் கிடைக்காது" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அப்படியே நம்பி வீட்டுக்கு வராதீர்கள். 30 நாளை எண்ணிப் பாருங்கள். முகவர் தொலைபேசியில் ஞாபகப்படுத்திய நாளிலிருந்து எண்ணக் கூடாது. பொலிசியில் உள்ள கட்டும் திகதியிலிருந்துதான் எண்ண வேண்டும்.

ஏப்ரல் 4 கடந்துவிட்டது. ஏப்ரல் 20ஆம் திகதி அக்கா மார்ச், ஏப்ரல் இரண்டு மாதத்துக்கும் 4,000 ரூபாவும் வட்டியும் முகவரிடம் கொடுத்தார். பற்றுச்சீட்டு வாங்கினார். "இனிப் பயமில்லை" என்று நினைத்தார். எங்கள் ஆட்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

பிரிவை மறுபடி பாருங்கள். "மீளமைக்கப்படும்" என்று எழுதவில்லை. "மீளமைக்கப்படலாம்" என்றுதான் எழுதியிருக்கிறது. அந்த "லாம்" என்ற இரண்டு எழுத்தில்தான் முழு விஷயமும் இருக்கிறது. "தற்றுணிபு" என்பதற்கும் அதே பொருள்தான்: கம்பனி விரும்பினால். காசு வாங்கியதற்குச் சாட்சி பற்றுச்சீட்டு. பொலிசி உயிர்பெற்றதற்குச் சாட்சி கம்பனி தரும் கடிதம். இரண்டும் வேறு. கம்பனி மே 2ஆம் திகதிதான் ஏற்றுக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 28ஆம் திகதி ஏதாவது நடந்திருந்தால், கட்டிய காசைத் திருப்பித் தந்துவிட்டுக் காப்புறுதித் தொகையைத் தர மறுக்க இந்தப் பிரிவு இடம் கொடுக்கிறது.

அதே நேரம் உடம்பைப் பற்றிய கேள்வித்தாள் ஒன்றும் வரும். பொலிசி எடுத்த பிறகு கிளினிக்கில் பிரஷர் என்றோ சீனி என்றோ சொல்லியிருந்தால், அதைக் கட்டாயம் எழுத வேண்டும். "இதெல்லாம் எதற்கு, இல்லை என்று போடுவோம்" என்று யாராவது எழுதிவிட்டு உங்களிடம் கையொப்பம் கேட்டால் வைக்காதீர்கள். அந்தப் பதில் உங்களுடைய பதிலாகத்தான் கணக்கில் எடுக்கப்படும். பின்னால் கிளினிக் கொப்பியைக் காட்டி, மறைத்ததாகச் சொல்லிக் காசை மறுக்க அது வழியாகிவிடும்.

ஐந்தாவது வாக்கியம். அக்காவின் பொலிசியில் ஆஸ்பத்திரிக் கொடுப்பனவு உண்டு. அதற்குக் காத்திருப்புக் காலம் 90 நாள். ஒரு வருடத்துக்கு முன்பே அதைக் கடந்துவிட்டார். ஆனால் மே 2ஆம் திகதி உயிர்பெற்றதால், கணக்கு மறுபடி ஆரம்பம். 90 நாள் ஜூலை 31ஆம் திகதிதான் முடியும். ஜூலை 10ஆம் திகதி நோய் வந்து வார்டில் படுத்தால், இந்தக் கொடுப்பனவு கிடைக்காது. ஒரு தவணை தவறியதற்கு அவர் கொடுக்கும் விலை வட்டி மட்டுமல்ல, இந்த 90 நாளும்தான்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். சேமிப்போடு கூடிய பொலிசியைச் சில வருடங்கள் தொடர்ந்து கட்டியிருந்தால், நின்ற பிறகும் அதற்கு ஒரு பெறுமதி இருக்கக்கூடும். "சரண் பெறுமதி" என்ற பிரிவில் அது இருக்கும். நின்றுவிட்டது என்று புத்தகத்தை அடுப்பில் போட்டுவிடாதீர்கள்.

இனிச் செய்ய வேண்டியது என்ன? எங்கள் சம்பளம் 10ஆம் திகதி கைக்கு வருகிறது என்றால், 5ஆம் திகதி கட்டுவது ஒவ்வொரு மாதமும் சிக்கல்தான். கட்டும் திகதியைச் சம்பளத்துக்குப் பிந்திய நாளாக மாற்றித் தரும்படி கம்பனிக்கு எழுத்தில் கேளுங்கள். பொலிசியின் முதல் பக்கத்தில் பென்சிலால் இரண்டு திகதி குறியுங்கள்: கட்டும் நாள், அதிலிருந்து முப்பதாவது நாள். நின்றுபோன பொலிசிக்குக் காசு கட்டினால், ஏற்றுக்கொண்ட கடிதம் வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.

தலைவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ஐந்து வாக்கியங்களை ஒருவருக்கு வாசித்துக் காட்டிவிட்டு "விளங்கியதா?" என்று கேட்காதீர்கள். எல்லாரும் "ஓம்" என்றுதான் சொல்வார்கள். "ஏப்ரல் 10ஆம் திகதி அந்த அக்காவுக்குப் பாதுகாப்பு இருந்ததா?" என்று கேளுங்கள். இல்லை என்று சொல்லி, ஏன் என்றும் சொன்னால்தான் விளங்கியதாக அர்த்தம். இன்னொன்று, நாங்கள் எழுதிய எளிய வாக்கியம் ஒப்பந்தம் ஆகாது. 30, 90 என்ற எண்ணிக்கை பொலிசிக்குப் பொலிசி மாறலாம். ஒவ்வொருவருடைய புத்தகத்தையும் திறந்து, அதிலுள்ள எண்ணைப் போட்டுத்தான் சொல்ல வேண்டும்.

கம்பனி மறுத்தால், மறுத்த காரணத்தையும் பிரிவின் இலக்கத்தையும் கடிதமாகக் கேளுங்கள். அந்தக் கடிதத்தோடு தோட்டக் கமிட்டிக்கு வாருங்கள். கம்பனியின் தலைமை அலுவலகத்துக்கு எழுதுவோம். அங்கும் தீராவிட்டால், காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கும் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் முறையிடலாம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் பொலிசிப் புத்தகத்தைக் கையோடு கொண்டு வாருங்கள். இந்தப் பிரிவு அதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று சேர்ந்து தேடுவோம்.