ஒரு கெட்டில் ஏன் முழுக் கடையையும் இருட்டாக்குது?

கோவில்பதாகை மெயின் ரோட்டில் ஒரு பேக்கரி இருக்குன்னு வெச்சுக்கோங்க. டிபி பாக்ஸில் மெயினுக்கு 300 மில்லியாம்பியர் ஆர்சிசிபி. அதுக்குக் கீழே ஃப்ரீசருக்கு ஒண்ணு, பில்லிங் கம்ப்யூட்டருக்கு ஒண்ணு, கெட்டில் பாயிண்டுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி. மேலே இருப்பது பத்து மடங்கு பெரிசு. கெட்டில்ல கோளாறு வந்தா கீழே இருக்கிறது மட்டும் விழணும், இல்லையா? ஆனா மெயினும் சேர்ந்து விழுது, ஃப்ரீசரும் நிக்குது.

காரணம், மில்லியாம்பியர்ங்கிறது ஆர்சிசிபி எந்த அளவு கசிவுக்கு விழும்னு சொல்ற எண். கசிவு எவ்வளவு வரும்னு அது சொல்லாது. கெட்டிலோட ஹீட்டிங் காயில் உடம்பில் தொட்டுடுச்சு, எர்த் வழியில் மொத்தம் 20 ஓம் தடை இருக்குன்னு வைங்க. 230 வோல்ட்டை 20 ஆல் வகுத்தால் 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி இதைக் கண்டுக்காது. ஆனால் இது 300 மில்லியாம்பியரைப் போல சுமார் 38 மடங்கு. அந்த அளவில் சாதாரண ஆர்சிசிபி எதுவா இருந்தாலும் 40 மில்லிசெகண்டுக்குள் விழணும்னு தரவிதி. மேலே, கீழே ரெண்டுக்கும் ஒரே அவசரம். எது முந்தும்னு யாராலும் சொல்ல முடியாது.

அதனால மேலே இருப்பதற்கு வேண்டியது பெரிய எண் மட்டும் இல்ல, பொறுமை. அதுதான் ‘எஸ்’ டைப்: முகப்பில் சின்னக் கட்டத்துக்குள் S என்று அச்சாகியிருக்கும். 300 மில்லியாம்பியர் கசிவில் அது குறைந்தது 130 மில்லிசெகண்ட் காத்திருக்கும். பெரிய கசிவில் காத்திருப்பு குறையும், ஆனால் 40 மில்லிசெகண்டுக்குக் கீழே போகாது. அதுக்குள்ள கீழே இருக்கிற 30 தன் வேலையை முடிச்சிடும். எண்ணிலும் குறைந்தது மூன்று மடங்கு வித்தியாசம் வேணும். ரெண்டும் சேர்ந்தாதான் வரிசை நிற்கும்.

கடைக்காரங்க சிலர், “மெயின்லயே 30 போடுங்க, பாதுகாப்பு”ன்னு கேட்பாங்க. எனக்கு அது சரியாப் படல. ஆர்சிசிபி பாதி அளவிலேயே, அதாவது 15 மில்லியாம்பியருக்கு மேலேயே விழலாம். கம்ப்யூட்டர், ஓவன், ஃப்ரீசர் எல்லாத்தோட இயல்பான சின்னக் கசிவும் மெயின்ல ஒண்ணாச் சேரும். அப்புறம் கோளாறே இல்லாமலும் விழும். எஸ் டைப் மட்டும் போட்டு கீழே எதுவும் போடாம விட்டாலும் தப்பு: 300 தீ ஆபத்தைக் குறைக்கும், ஆளுக்கு ஷாக் அடிச்சா காப்பாத்த கீழே 30 வேணும்.

சோதிக்கும்போது ஒரு விஷயம். கீழே இருக்கிற ஆர்சிசிபியோட டெஸ்ட் பட்டனை அழுத்தி, “மெயின் விழலயே, சரி”ன்னு முடிச்சிடாதீங்க. அந்தப் பட்டன் அந்தக் கருவிக்குள்ள மட்டும்தான் சமநிலையைக் குலைக்கும். கரண்ட் எர்த்துக்குப் போகாம நியூட்ரல் வழியாவே திரும்புறதால, மெயினுக்கு அது தெரியவே தெரியாது. மெயினோட அவுட்புட்ல ஆர்சிடி டெஸ்டரை வெச்சு, 300 மில்லியாம்பியர் விட்டு நேரம் பாருங்க. 130-லிருந்து 500 மில்லிசெகண்டுக்குள் விழுந்தா எஸ் டைப் வேலை செய்யுது. 30, 40-லயே விழுந்தா மேலே இருக்கிறது சாதாரண ஆர்சிசிபிதான், மாத்தச் சொல்லுங்க.