ஒரு வெள்ள வருஷமும் ஐந்து வருஷக் கணக்கும்
(கூட்டமைப்பு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். அதனால் பெரிசா பேசாமல் ஒரு சின்னக் கதை சொல்றேன்.

நம்ம நெய்வேலிக்குப் பக்கத்துல, பரவனாற்று ஓரமா ஒரு விவசாயி. அவர் மனைவி குழுவுல கணக்கு எழுதறவங்க. ஒருநாள் அவர், "குழுவுல இருபதாயிரம் கடன் எடுத்துக் குடும்மா, உரம் கூடுதலா போடணும். நிலம் சத்து போயிடுச்சு. அப்பா காலத்துல ஏக்கருக்கு 28 மூட்டை. இப்ப சராசரி 23தான்" என்றார்.

"எப்படிங்க கணக்குப் போட்டீங்க?" என்று அந்தம்மா நோட்டை வாங்கிப் பார்த்தாங்க. ஏக்கருக்கு 2012-ல் 27 மூட்டை, 2013-ல் 28, 2014-ல் 30, 2015-ல் 3, 2016-ல் 27. மொத்தம் 115. ஐந்தால் வகுத்தால் 23. கணக்கு சரிதான்.

2015 நவம்பர் மழையை நாம யாரும் மறக்க முடியாது. நம்ம கடலூர் மாவட்டமே தண்ணியில நின்னுச்சு. அவர் வயலும் மூழ்கி மூணு மூட்டைதான் தேறுச்சு.

"என்னங்க, எந்த வருஷமாவது 23 மூட்டை வந்துச்சா?" என்று கேட்டாங்க. அவர் யோசிச்சுட்டு, "இல்லையே" என்றார்.

மற்ற நாலு வருஷத்துக்கு மட்டும் பார்த்தால் சராசரி 28. வெள்ளத்துல குறைஞ்சது 25 மூட்டை. சராசரி போடும்போது அந்த ஒரு வருஷக் குறை, ஐந்து வருஷத்து தலையிலும் ஐந்தைந்து மூட்டையா ஏறிடுச்சு.

அப்புறம் அந்தம்மா எண்களைச் சின்னதுல இருந்து பெரிசா எழுதினாங்க: 3, 27, 27, 28, 30. நடுவுல நிற்கறது 27. சாதாரண வருஷத்துல நிலம் என்ன குடுக்கும்னு இந்த நடு எண் சொல்லும். வெள்ளத்துக்கு அடுத்த வருஷமும் 27 வந்திருக்கே, அப்ப நிலம் கெடலை. உரக் கடன் வேண்டாம்னு முடிவாச்சு.

"அப்ப 2015-ஐ அடிச்சிடலாமா?" என்றார் அவர். "அடிக்காதீங்க. அது நிஜமா வந்த நஷ்டம். அதுக்குத்தான் சேமிப்பும் பயிர்க் காப்பீடும்" என்றாங்க.

பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டிலும் இதே மாதிரிதான். கடந்த ஏழு வருஷத்துல நல்லா விளைஞ்ச ஐந்து வருஷத்தை எடுத்துத்தான் சராசரி போடறாங்க. ஆனா அது நம்ம ஒரு வயலோட கணக்கு இல்லை, அந்தப் பகுதி முழுசுக்குமான கணக்கு.

அக்கா, தங்கைகளே, வீட்டு நோட்டுல சராசரியை மட்டும் எழுதாதீங்க. ஒவ்வொரு வருஷத்தையும் தனியா எழுதுங்க. சராசரி எந்த வருஷத்தோடும் ஒட்டலைன்னா, எந்த வருஷம் அதை இழுக்குதுன்னு பார்த்துட்டு, பிறகு கடன் கேளுங்க.