முட்டை யாருக்குச் சொந்தம்?



மத்தியகாலத்தில் இரந்துண்டு வாழ்ந்த துறவற சபைகளுள் பிரான்சிஸ்கன் சபையாரின் வழக்கொன்றை மட்டும் இன்று சொல்ல வந்தேன். துறவி உண்ணும் முட்டை யாருக்குச் சொந்தம் என்பதில் வந்து நின்ற வழக்கு அது.

புனித பிரான்சிஸ் எழுதிய ஒழுங்கு 1223இல் பாப்பரசரின் அங்கீகாரம் பெற்றது. வீடோ, நிலமோ, வேறெதுவுமோ தமதென்று கொள்ளலாகாது, காசும் வாங்கலாகாது. பழைய மடங்களில் தனித்துறவிக்குச் சொத்தில்லை, மடத்துக்கு உண்டு. இவர்களுக்கோ சபையாகக்கூட ஒன்றுமில்லை. ஆனால் சபை பெருகியதும் கோவில்களும் நூல்களும் வந்து சேர்ந்தன. அவை யாருடையவை? கொடுத்தவர் தம்மிடமே வைத்துக்கொள்ளாவிட்டால் உரிமை உரோமைத் திருச்சபைக்கு, பயன்பாடு மட்டும் துறவிகளுக்கு என்று 1245இல் நான்காம் இன்னசென்ட் தீர்த்தார். 1279இல் மூன்றாம் நிக்கலஸ் இதை உறுதிப்படுத்தி, இவ்வாறு துறப்பது கிறிஸ்து காட்டிய வழி என்றும் எழுதினார்.

பத்திரத்தில் வறுமை இருந்தது. களஞ்சியத்திலோ தானியம் இருந்தது. இது ஒவ்வாத சிலர் கந்தல் உடுத்து, சேமிப்பை எதிர்த்தார்கள். கீழ்ப்படிய மறுத்த நால்வர் 1318இல் மார்செய் நகரில் எரிக்கப்பட்டார்கள். அவர்களை அடக்க முன்னின்றவர்களுள் சபைத்தலைவர் செசேனா மைக்கேலும் ஒருவர். இதை நினைவில் வைத்திருங்கள்.

அடுத்து வந்தது கிறிஸ்துவைப் பற்றிய கேள்வி. அவரும் அப்போஸ்தலர்களும் பொதுவாகக்கூட ஒன்றும் உடைமையாக வைத்திருக்கவில்லையா? இல்லை என்று மைக்கேலின் சபை 1322இல் பகிரங்கமாக அறிவித்தது. அப்போதைய பாப்பரசர் இருபத்திரண்டாம் ஜோன் சட்டம் படித்தவர். அவர் கேட்டது இதுதான்: வீட்டை இரவல் வாங்கலாம், திருப்பிக் கொடுக்கலாம். முட்டையையும் பாற்கட்டியையும் உண்டால் எதைத் திருப்பிக் கொடுப்பது? உண்பதே அழிப்பது, அழிக்கும் உரிமை சொந்தக்காரனுக்கே உண்டு. அந்த முட்டை உரோமைக்குச் சொந்தம் என்பது வெறும் பேச்சு.

பெர்கமோ பொனகிராசியா என்ற துறவி சபைக்காக வாதாடினார். குதிரை ஓட்ஸ் தின்கிறது, அதற்காக ஓட்ஸுக்குக் குதிரை சொந்தக்காரனா என்று கேட்டார். எனக்குப் பிடித்த பதில் இது. பாப்பரசருக்குப் பிடிக்கவில்லை; பொனகிராசியா சிறைக்குப் போனார்.

1322 டிசம்பரில் ஜோன், சபையார் பெறும் பொருள்களின் உரிமையை இனி உரோமை ஏற்காது என்றார். வேண்டாம் என்றவர்களின் தலையில் சொத்து விழுந்தது. மறுவருடம், கிறிஸ்துவுக்கும் அப்போஸ்தலர்களுக்கும் ஒன்றுமே இருக்கவில்லை என்று பிடிவாதமாகச் சாதிப்பது பதிதம் என்று தீர்ப்பளித்தார். முன்னைய பாப்பரசர் மெச்சிய வறுமையின் அடித்தளமே இப்போது பதிதமாகிவிட்டது என்று சபையாருக்குத் தோன்றியது.

1328 மே மாதத்து இரவொன்றில் மைக்கேலும் பொனகிராசியாவும் மெய்யியலாளர் ஒக்காம் வில்லியமும் அவிஞ்ஞோனிலிருந்து தப்பியோடி, பாப்பரசரின் எதிரியான பவேரியா லூயியிடம் அடைக்கலம் புகுந்தார்கள். பத்து வருடங்களுக்கு முன் பிறரைக் கீழ்ப்படியச் சொன்னவர் இப்போது தாமே கீழ்ப்படியாதவரானார். சபையாரில் பெரும்பாலோர் அவருடன் போகவில்லை; 1329இல் வேறொரு தலைவரைத் தெரிந்துகொண்டார்கள்.