கூட்டிப் பார்க்கக்கூடாத இரு விகிதங்கள்



இங்கே கட்டுரை வாசிக்க வந்திருக்கும் உங்கள் கட்டுரைச் சுருக்கங்களில் ஒரே கணக்கு திரும்பத் திரும்ப வருகிறது. ரொக்க இருப்பு விகிதம் 3, சட்டபூர்வ நீர்மை விகிதம் 18. ஆக, 100 ரூபாய் டெபாசிட்டில் 21 ரூபாய் முடங்கிப் போகிறது, 79 ரூபாய்தான் கடனுக்கு மிச்சம் என்கிறீர்கள். தேர்வுக்கு இது போதும், ஆய்வுக்குப் போதாது. அந்த 3-ம் 18-ம் ஒரே இனமல்ல.

வங்கி தன் டெபாசிட்தாரர்களுக்கும் பிறருக்கும் தரவேண்டிய நிகரப் பொறுப்புகளின் மேல்தான் இரண்டு விகிதங்களும் கணக்கிடப்படுகின்றன. ஒற்றுமை அவ்வளவுதான். சி.ஆர்.ஆர். 1934-ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 42-ஆம் பிரிவில் வருகிறது. அந்தப் பணம் ரிசர்வ் வங்கியில் உள்ள கணக்கில் கிடக்க வேண்டும். 2007-லிருந்து அதற்கு வட்டி கிடையாது. எஸ்.எல்.ஆர். 1949-ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவைச் சேர்ந்தது. அதை ரொக்கமாகவோ, தங்கமாகவோ, அங்கீகரிக்கப்பட்ட பத்திரங்களாகவோ வங்கி தானே வைத்துக்கொள்ளலாம். நடைமுறையில் பெரும்பகுதி அரசுப் பத்திரம்தான். அதற்கு வட்டி வரும்.

இப்போது அந்த 100 ரூபாயைப் பின்தொடர்வோம். 3 ரூபாய் ரிசர்வ் வங்கிக்குப் போய் அங்கேயே நிற்கிறது. பத்திரம் வாங்கிய 18 ரூபாய் அப்படி நிற்பதில்லை. அது அரசுக்குப் போகிறது. அரசு அதைச் சம்பளமாகவும் ஒப்பந்தக்காரர் பில்லாகவும் கொடுக்க, அது இன்னொரு வங்கியில் டெபாசிட்டாக வந்து விழுகிறது. ஆகவே அடுத்த சுற்றுக்குத் திரும்புவது 79 அல்ல, 97. கடன் பெருக்கியின் பகுதியில் 0.21-ஐப் போட்டால் விடை ஐந்துக்கும் குறைவு, 0.03-ஐப் போட்டால் 33. மக்கள் கையில் தங்கும் நோட்டும் வங்கியின் மூலதன வரம்பும் இருக்கும்வரை 33 என்பது ஏட்டில்தான். ஆனாலும் திசை தெளிவு: சி.ஆர்.ஆர். மொத்தப் பணத்தின் அளவைத் தொடுகிறது, எஸ்.எல்.ஆர். அந்தப் பணம் யாருக்குக் கடனாகப் போகிறது என்பதை மாற்றுகிறது.

இந்த வித்தியாசம் வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல என்பதற்கு 2016 நவம்பர் சாட்சி. 8-ஆம் தேதி பழைய நோட்டுகள் செல்லாது என்று அறிவித்ததும் வங்கிகளில் டெபாசிட் வெள்ளமாகக் குவிந்தது. அதை உறிஞ்ச, ரிவர்ஸ் ரெப்போவில் ஈடாகக் கொடுக்க ரிசர்வ் வங்கியிடம் போதுமான பத்திரம் இருக்குமா என்ற கவலை. எஸ்.எல்.ஆரை உயர்த்தியிருந்தால்? வங்கிகள் பத்திரச் சந்தைக்கு ஓடியிருக்கும். பத்திர விலை ஏறியிருக்கும். விற்றவர் கணக்கில் அதே பணம் மீண்டும் உட்கார்ந்திருக்கும். ஆகவே சி.ஆர்.ஆரைத்தான் எடுத்தார்கள். செப்டம்பர் 16-க்கும் நவம்பர் 11-க்கும் இடையே கூடிய பொறுப்புகளின் மேல் 100 சதவீதக் கூடுதல் இருப்பு! நம் தலைமுறை பார்த்த மிக முரட்டுத்தனமான ஆணை அது என்பேன். டெபாசிட்டுக்கு வட்டி கொடுத்துக்கொண்டே வட்டியில்லா இருப்பை வங்கிகள் சுமந்தன. அரசு சந்தை நிலைப்படுத்தல் பத்திரங்களின் உச்சவரம்பை 30,000 கோடியிலிருந்து 6 லட்சம் கோடியாக உயர்த்திய பிறகு, டிசம்பர் 10 முதல் அந்த ஆணை விலக்கப்பட்டது.

குறைக்கும்போதும் இதே வித்தியாசம்தான். 1,000 கோடி பொறுப்புள்ள ஒரு வங்கி 260 கோடிக்குப் பத்திரம் வைத்திருக்கிறது என்று கொள்ளுங்கள். சி.ஆர்.ஆரில் ஒரு சதவீதம் குறைந்தால் 10 கோடி ரொக்கம் கைக்கு வரும். எஸ்.எல்.ஆரில் ஒரு சதவீதம் குறைந்தால் ஒன்றும் வராது; அதன் கையிருப்பு ஏற்கனவே தேவைக்கு மேல் 80 கோடி. கூடுதலாக விடுபடும் 10 கோடிப் பத்திரத்தை ஈடு வைத்து ரெப்போவில் கடன் வாங்கலாம், அவ்வளவே. பத்திரத்தையே விற்றாலும், வாங்குவது இன்னொரு வங்கியானால் ரொக்கம் கை மாறுகிறதே ஒழிய, மொத்தத்தில் கூடுவதில்லை. 2025-இல் சி.ஆர்.ஆர். நான்கு தவணைகளில் 4-லிருந்து 3 சதவீதமானபோது ஏறத்தாழ 2.5 லட்சம் கோடி ரூபாய் விடுபடும் என்று ரிசர்வ் வங்கி சொல்ல முடிந்தது. எஸ்.எல்.ஆர். குறைப்புக்கு அப்படி ஒரு தொகையைச் சொல்ல முடியாது.

1991-இல் எஸ்.எல்.ஆர். 38.5 சதவீதமாக இருந்தபோது நிலைமை வேறு. அன்று அது வங்கிகளின் கழுத்தைப் பிடித்த கட்டுப்பாடு. நரசிம்மம் குழு அதை 25-க்குக் கொண்டுவரச் சொன்னதற்குப் பொருள் இருந்தது. ஆகவே மதிய அமர்வில் கடன் வளர்ச்சியை எஸ்.எல்.ஆரோடு பொருத்திக் காட்டப்போகும் நண்பர்களிடம் முதலில் ஒன்றைக் கேட்பேன்: நீங்கள் எடுத்துக்கொண்ட ஆண்டுகளில் வங்கிகள் விகிதத்தின் விளிம்பில் இருந்தனவா, அல்லது விரும்பியே அதிகமாக வைத்திருந்தனவா? அந்தக் கையிருப்பு விவரத்தை அட்டவணையின் முதல் பத்தியில் காட்டிவிட்டுக் கட்டுரையைத் தொடங்குங்கள்.