கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்கும் கடிதம்
(பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



நம்ம தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி வெள்ளவத்தையில் உள்ள ஒரு தனியார் கல்லூரியில் கம்பியூட்டர் பாடநெறிக்குச் சேர்ந்தாள். அனுமதிக் கட்டணம் 5,000 ரூபா, பாடநெறிக் கட்டணம் 40,000 ரூபா. தகப்பன் கடன் வாங்கிக் கட்டினார். வகுப்பு 10ஆம் திகதி தொடங்க இருந்தது. அதற்கு முன்னாலேயே பிள்ளைக்குப் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது.

தகப்பன் டெலிபோனில் சொன்னார். "சரி, மேலே சொல்றோம்" என்றார்கள். அதோடு இருந்திருந்தால் கதை முடிந்திருக்கும். வகுப்புக்கு முந்தியே விலகினோம் என்பதற்கு டெலிபோன் பேச்சு அத்தாட்சி ஆகாது.

அதனால் கடிதம் எழுதினோம். பிள்ளையும், பணம் கட்டிய தகப்பனும் கையெழுத்து வைத்தார்கள். அது இப்படி இருந்தது:

"ஐயா, இன்ன பாடநெறிக்கு இன்ன திகதியில், இன்ன இலக்கப் பற்றுச்சீட்டின்படி 45,000 ரூபா செலுத்தினோம். வகுப்பு 10ஆம் திகதி ஆரம்பமாகிறது. வேறு கல்லூரியில் இடம் கிடைத்ததால் இன்று 3ஆம் திகதி விலகுகிறேன். வகுப்புக்கு வரவில்லை, புத்தகம் எதுவும் பெறவில்லை. என் இடத்தை வேறொருவருக்குக் கொடுக்கலாம். ஆகவே பாடநெறிக் கட்டணம் 40,000 ரூபாவை 14 நாட்களுக்குள் கீழ்க்காணும் வங்கிக் கணக்குக்கு அனுப்பித் தரவும்."

5,000 ரூபாவை ஏன் கேட்கவில்லை என்று நினைப்பீர்கள். விண்ணப்பப் படிவத்தின் பின்பக்கத்தில், அனுமதிக் கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது என்று பொடி எழுத்தில் இருந்தது. பாடநெறிக் கட்டணத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. படிவத்தை வாசித்துவிட்டுத்தான் எவ்வளவு கேட்பது என்று தீர்மானிக்க வேணும். எல்லாப் பணமும் திரும்பாது என்று எழுதி நீங்களும் கையெழுத்து வைத்திருந்தால், கேட்கலாம், ஆனால் கிடைப்பது கஷ்டம்.

பற்றுச்சீட்டின் போட்டோ பிரதியை மட்டும் இணைத்தோம். மூலத்தைக் கொடுத்துவிட்டால் பிறகு நம்ம கையில் ஒன்றும் இராது. கொட்டாஞ்சேனையில் கடையொன்றில் வேலை செய்யும் பிள்ளையின் அண்ணன் கடிதத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, நம்ம பிரதியில் திகதியோடு முத்திரை குத்தி வாங்கினான். கொழும்பில் ஆள் இல்லாதவர்கள் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் கந்தோர் தரும் துண்டைப் பத்திரப்படுத்துங்கள்.

14 நாள் போயும் பதில் இல்லை. இரண்டாவது கடிதத்தில், மத்தியஸ்த சபைக்குப் போவோம் என்று ஒரு வரி சேர்த்தோம். 1988ஆம் ஆண்டு 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த சபை அது. அங்கே வக்கீல் வைக்கத் தேவையில்லை. ஆனால் அந்தச் சபை தீர்ப்புச் சொல்லாது. இரு பக்கமும் சம்மதித்தால்தான் முடிவு. சம்மதம் வராவிட்டால் அதற்கு ஒரு சான்றிதழ் தருவார்கள். அதை வைத்துக்கொண்டு வழக்குக்குப் போகலாம்.

இங்கே அவ்வளவு தூரம் போகவில்லை. மூன்றாவது கிழமை 40,000 ரூபாவும் கணக்குக்கு வந்தது. தகப்பன் அன்றைக்கே கடனை அடைத்தார்.

பிள்ளையைச் சேர்க்கப் போகும்போதே படிவத்தின் பின்பக்கத்தை யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். விலகுவதென்றால், வகுப்புத் தொடங்கும் நாளுக்கு முன் கடிதம் அவர்கள் கையில் இருக்க வேணும்.