பாதி ஏற்றிய ஊசி

டில்லி சரோஜினி நகருக்குப் பக்கத்தில்தான் சஃப்தர்ஜங் மருத்துவமனை. அங்கே ஒரு வார்டு என்று வைத்துக்கொள்வோம். நர்ஸ் ஒருவர் வலி மருந்தை சிரிஞ்சில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். பக்கத்துக் கட்டிலில் மூச்சுத் திணறல். ஓடத்தான் வேண்டும்.

கையில் இருக்கும் சிரிஞ்சை என்ன செய்வது? ட்ரேயில் வைத்துவிட்டு ஓடினால், திரும்பி வரும்போது அதில் இருப்பது வலி மருந்தா, வெறும் சலைனா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டும் தண்ணீர் மாதிரிதான். பெயர், அளவு, நேரம் எழுதி ஒட்ட அவகாசம் இல்லையென்றால், அதைக் கழித்துவிட வேண்டும். மருந்து வீண்தான், பரவாயில்லை. புதிதாக ஏற்றும்போதும் சார்ட்டைப் பார்த்து முதலிலிருந்தே தொடங்க வேண்டும்.

இன்னொன்று, சார்ட்டில் கையெழுத்து. 'வந்து போட்டுவிடலாம்' என்று முன்கூட்டியே டிக் அடித்துவிட்டு ஓடினால், அடுத்த ஷிப்டுக்காரர் மருந்து கொடுத்தாயிற்று என்றே நினைப்பார். கொடுத்துவிட்டுக் குறிக்காமல் ஓடினால், அதே நோயாளிக்கு இரண்டாவது ஊசி.

சிட்னியில் இரண்டு மருத்துவமனைகளில் 98 நர்சுகளைக் கூடவே இருந்து கவனித்து, 2010-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மருந்து கொடுக்கும்போது குறுக்கீடு கூடக் கூட, தவறுகளும் கூடின. இப்படிப்பட்ட குறுக்கீடுகளில் பல, உயிர் காக்கும் அழைப்புகளே அல்ல.